‘வித்தா பாத்துக்கலாம்’ என்று சொல்லும் கடைக்காரரிடம் என்ன பேசுவது?



கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றிச் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார், 300 பிரதிகள். உறவினர்கள், பழைய மாணவர்கள் என்று பாதி போய்விட்டது. மீதி வீட்டில் அட்டைப்பெட்டிகளில் கிடக்கிறது. மதுரையில் ஒரு புத்தகக் கடைக்குப் போய்க் கேட்டாராம். கடைக்காரர் தட்டாமல், “அதுக்கென்ன டீச்சர், பத்து புத்தகம் வச்சிட்டுப் போங்க. வித்தா பாத்துக்கலாம்” என்றாராம். டீச்சர் பையோடு திரும்பி வந்துவிட்டார். ‘வைக்கலாமா? எழுதி வாங்கிக்கொண்டால் அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? எழுதுவதென்றால் என்ன எழுதுவது?’ என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் நம் வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். கவிதைத் தொகுப்பு போட்டவர்கள், ஊர் வரலாறு எழுதியவர்கள், சிறுவர் கதைப் புத்தகத்தைத் தாங்களே வரைந்து அச்சிட்டவர்கள் என்று பலர். அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை டீச்சருக்கான பதிலாகவே எழுதுகிறேன்.

விற்ற பிறகு பணம், விற்காதது திரும்ப என்ற ஏற்பாடு புத்தக வியாபாரத்தில் புதிதே இல்லை. நீங்கள் கடையில் பார்க்கும் வார, மாத இதழ்களில் பெரும்பாலானவை அப்படித்தான் அங்கே தொங்குகின்றன. கடைக்காரர் முன்பணம் போடாமல் சரக்கை வைக்கிறார், நாம் கடை வாடகை கொடுக்காமல் வாசகர் கண்ணில் படுகிறோம். இரண்டு பக்கமும் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ‘வித்தா பாத்துக்கலாம்’ என்ற வாக்கில், விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இல்லை. எந்த விலைக்கு விற்பார், அதில் நமக்கு எவ்வளவு வரும், எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்போம் என்பதற்கும் இல்லை. கடைக்காரர் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. அவருக்கு ஆயிரக்கணக்கான தலைப்புகள், உங்களுக்கு ஒன்று. உங்கள் பத்துப் பிரதிக்குத் தனிக் கணக்கு வைத்திருக்க அவருக்கு நேரம் கிடையாது. அந்த வேலையை நீங்களே செய்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர் கோபப்பட மாட்டார். நிம்மதிதான் அடைவார்.

பெரும்பாலான எழுத்தாளர்கள் கடைக்குள் நுழைந்ததும் கழிவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். கடைக்காரர் 40 சதவீதம் கேட்கிறார், இவர்கள் 35 என்கிறார்கள், பாதி நேரம் அதிலேயே போகிறது. விற்காத பிரதியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. டீச்சரின் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எது பெரிய விஷயம் என்று தெரிந்துவிடும்.

புத்தகத்தின் அச்சிட்ட விலை ₹200. அச்சுச் செலவு பிரதிக்கு ₹80. பத்துப் பிரதிகளைக் கட்டி பஸ் பார்சலில் மதுரைக்கு அனுப்ப ₹150 ஆகிறது என்று வையுங்கள். 35 சதவீதக் கழிவு என்றால் கடைக்கு ₹70, டீச்சருக்கு ₹130. ஆறு பிரதிகள் விற்கின்றன, நான்கு திரும்புகின்றன. கைக்கு வருவது ₹780. விற்ற ஆறின் அச்சுச் செலவு ₹480, பார்சல் ₹150. இரண்டையும் கழித்தால் மிச்சம் ₹150.

இப்போது கடைக்காரர் பேரத்தில் ஜெயித்து 40 சதவீதம் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். டீச்சருக்குப் பிரதிக்கு ₹120, ஆறுக்கு ₹720. மிச்சம் ₹90. அதாவது அத்தனை நேரம் வாதாடிய அந்த ஐந்து சதவீதத்தின் மதிப்பு ₹60.

அடுத்து, கழிவு 35 சதவீதமாகவே இருக்கட்டும். ஆனால் திரும்பி வந்த நான்கில் இரண்டு, அட்டை மடங்கி, விலைச் சீட்டை உரித்த இடம் கிழிந்து, இனி யாருக்கும் விற்க முடியாத நிலையில் வருகின்றன. அந்த இரண்டின் அச்சுச் செலவு ₹160 போய்விட்டது. ₹150 லாபம் ₹10 நஷ்டமாகிவிட்டது. டீச்சர் முதலில் பேச வேண்டியது விற்காத பிரதியைப் பற்றித்தான். விலையும் தேதியும் அதை ஒட்டித்தான் வரும்.

விற்காத பிரதி விஷயத்தில் தீர்க்க வேண்டியவை மூன்று: எப்போது திரும்பும், எந்த நிலையில் திரும்பும், யார் கொண்டுவருவார்.

எப்போது என்பதற்கு ஆறு மாதத்துக்குள் ஒரு தேதி வைப்பது நல்லது. டீச்சர் ஜூலை முதல் தேதி கொடுக்கிறார் என்றால் டிசம்பர் 15 என்று வைக்கச் சொல்வேன். காரணம் இருக்கிறது. பபாசி என்று நாம் சொல்லும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977 முதல் சென்னைப் புத்தகக் காட்சியை நடத்தி வருகிறது. வழக்கமாக அது பொங்கலை ஒட்டி வரும். மதுரையில் விற்காமல் நின்ற பிரதிகள் டிசம்பர் நடுவில் கைக்கு வந்துவிட்டால், சென்னையில் அரங்கு போடும் யாரிடமாவது கொடுத்துப் பார்க்க அவகாசம் இருக்கும். ஜனவரி கடைசியில் திரும்பி வந்தால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். தேதி வைப்பது கடைக்காரருக்கும் பிடிக்கும். ஒரு புத்தகம் எத்தனை நாள் தன் அலமாரியில் இடம் பிடிக்கும் என்பதுதான் அவருடைய கவலை.

தேதிக்குச் சட்டத்திலும் ஒரு கனம் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 24ஆவது பிரிவு, ‘விற்றால் சரி, இல்லையேல் திருப்பு’ என்ற நிபந்தனையில் கொடுத்த சரக்கைப் பற்றிப் பேசுகிறது. திருப்ப வேண்டிய தேதி குறித்திருந்து, வேண்டாம் என்று சொல்லாமல் அந்தத் தேதிக்குப் பிறகும் ஒருவர் சரக்கை வைத்துக்கொண்டிருந்தால், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, அதை அவர் வாங்கிக்கொண்டதாகவே கருதப்படும். தேதியே குறிக்காவிட்டால் ‘நியாயமான காலம்’ கடந்த பிறகுதான் அப்படி ஆகும். நியாயமான காலம் எது என்று யார் சொல்வது? பத்துப் பிரதிக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. ஆனாலும் தேதி போட்ட தாளுக்கும் போடாத தாளுக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. இந்தச் சட்டம் தெரிந்த கடைக்காரர் தேதியைக் கண்டு கொஞ்சம் தயங்கவும் கூடும். ‘மறந்துவிட்டால் பத்தும் என் தலையில் விழுமே’ என்று நினைப்பார். அதனால்தான் யார் கொண்டுவருவது என்பதையும் கூடவே எழுத வேண்டும். டீச்சருக்கு மகள் வீடு மதுரையில்; அடிக்கடி போகிறவர். ‘குறித்த நாளில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டால் கடைக்காரரின் தயக்கம் போய்விடும். பதிலுக்கு டீச்சர் வராமல் இருந்துவிட்டால் என்ன என்பதும் அவருக்கு நியாயமான கேள்வி. ஒரு மாதம் பார்த்துவிட்டு அவர் விருப்பப்படி கழித்துவிடலாம் என்று அதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடத்தை அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆளைக் காணாமல் போகும் எழுத்தாளர்களைப் பார்த்துச் சலித்தவர் அவர்.

எந்த நிலையில் என்பதுதான் பணம் போகும் இடம். புத்தகத்தைக் கடைக்கு வருகிறவர்கள் புரட்டத்தான் செய்வார்கள், புரட்டாமல் யாரும் வாங்குவதில்லை. அதற்கு ஒரு எளிய வழி, பத்துப் பிரதிகளையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்து, பதினொன்றாவதாக ஒன்றை உறையில்லாமல் மாதிரிப் பிரதியாகக் கொடுப்பது. அந்தப் பதினொன்று கணக்கில் வராது. அதற்கு ₹80 போகும், உண்மைதான். ஆனால் எத்தனை கை பட்டாலும் மற்றப் பத்தும் புதிதாகவே இருக்கும். கடையின் விலைச் சீட்டும் உறை மேலேயே ஒட்டப்படும், அட்டை கிழியாது. இதைச் செய்துவிட்டு, ‘உறைக்குள் இருக்கும் பிரதி சேதமடைந்தால் விற்றதாகக் கணக்கு’ என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். தீ, மழைவெள்ளம் போன்றவற்றை மட்டும் தனியாக வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி நேர்ந்தால் பிரதியின் அச்சுச் செலவில் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் தாங்கும்.

காணாமல் போகும் பிரதி என்றும் ஒன்று உண்டு. கடையில் திருட்டுப் போகலாம், வேறு அலமாரிக்குப் போய் மறைந்திருக்கலாம், கிளைக்கு அனுப்பியிருக்கலாம். இதற்குத் தகராறு வராமல் இருக்கக் கணக்கு முறையையே எளிதாக வைக்க வேண்டும். கொடுத்ததிலிருந்து இருப்பதைக் கழித்தால் வருவது விற்றது. கடையின் பில் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் தேட வேண்டியதில்லை. அலமாரியில் நான்கு இருந்தால் ஆறு விற்றிருக்கிறது, அவ்வளவுதான். சில கடைக்காரர்கள் ‘திருட்டுக்கு நான் எப்படிப் பொறுப்பு’ என்று கேட்பார்கள். பத்துக்கு ஒரு பிரதி வரை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கடை அவர் பார்வையில் இருக்கிறது, உங்கள் பார்வையில் இல்லை.

இனி விலைக்கு வருகிறேன். இதில் நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு வர வேண்டியதைச் சதவீதமாக மட்டும் எழுதாமல் ரூபாயிலும் எழுதுங்கள். ‘கழிவு 35 சதவீதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எதில் 35 சதவீதம் என்ற கேள்வி பின்னால் வரும். கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் தள்ளி ₹180க்குக் கொடுத்திருப்பார். அந்த ₹180இல் 35 சதவீதத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் ₹117 தருவார். உங்களுக்குப் பிரதிக்கு ₹13 குறைந்துவிட்டது. அவர் கணக்கில் தவறில்லை, நீங்கள் எழுதியதில்தான் இடைவெளி. ‘எந்த விலைக்கு விற்றாலும் எனக்குப் பிரதிக்கு ₹130’ என்று எழுதினால் அந்தப் பேச்சு எழாது. வாசகருக்கு அவர் தள்ளுபடி கொடுக்க நினைத்தால் தன்னுடைய ₹70இலிருந்து கொடுத்துக்கொள்வார்.

புத்தகக் கண்காட்சி மட்டும் விதிவிலக்கு. அங்கே வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்பது வழக்கமாகிவிட்டது. அரங்கு வாடகை, ஆள், போக்குவரத்து எல்லாம் கடைக்காரர் தலையில். உங்கள் பிரதிகளையும் அவர் கண்காட்சிக்கு எடுத்துப் போனால் அந்த ₹20 தள்ளுபடியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு ₹120 வாங்கிக்கொள்வது நியாயம். ஆனால் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள். கண்காட்சி முடிந்த களைப்பில் பேசுகிற விஷயம் இல்லை இது.

விலை விஷயத்தில் கடைக்காரருக்கும் உங்கள் மேல் ஒரு பயம் இருக்கும். அவர் ₹200க்கு வைத்திருக்கும் புத்தகத்தை நீங்கள் வாட்ஸப் குழுவில் ‘ஆசிரியரிடம் நேரடியாக வாங்கினால் ₹140, தபால் செலவு இல்லை’ என்று போட்டால், மாதிரிப் பிரதியை அவர் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு உங்களிடம் ஆர்டர் செய்வார்கள். அவர் அலமாரி உங்களுக்கு இலவச விளம்பரப் பலகையாகிவிடும். அதனால் ஒப்பந்தக் காலத்தில் ₹180க்குக் கீழே நீங்களும் விற்பதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இரண்டாம் பதிப்பு விலை கூடி வந்தாலும் கடையில் இருக்கும் பழைய பிரதிகள் பழைய விலைக்கே போகட்டும். கணக்கு குழம்பாது.

தேதிகளைப் பொறுத்தவரை கணக்குப் பார்க்கும் நாளும் பணம் வரும் நாளும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், எண்ணி முடித்த கையோடு கல்லாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சங்கடம் வரும். கடைக்காரரும் ‘முதலாளி இல்லை, செக் புத்தகம் வீட்டில்’ என்று சொல்ல நேரும். செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணிக்கை, அக்டோபர் 10ஆம் தேதிக்குள் பணம். டிசம்பர் 15ஆம் தேதி எண்ணிக்கையும் திரும்புதலும், டிசம்பர் 25ஆம் தேதிக்குள் பணம். எண்ணிய அன்றே, விற்ற பிரதிகளுக்கு மட்டும் ஒரு பில் எழுதி, வங்கிக் கணக்கு எண்ணோடு கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கொடுக்கும்போது தர வேண்டியது பில் இல்லை, டெலிவரி சலான்தான். முதல் நாளே பத்துப் பிரதிக்கும் பில் போட்டால் பத்தையும் விற்றுவிட்டதாக ஆகும். பிறகு திரும்பியதைக் கழிக்க வேறு காகிதம் வேண்டும். ஒரே ஒரு பிரதி விற்றிருந்தால் ₹130க்காக யாரையும் அலைக்கழிக்க வேண்டாம், மூன்று பிரதிக்குக் குறைவு என்றால் அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். கடைசிக் கணக்கில் மட்டும் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும்.

இத்தனையும் சேர்த்து டீச்சர் கொண்டுபோகக்கூடிய தாள் இப்படி இருக்கலாம்:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் புத்தகத்தின் 10 பிரதிகளை, விற்ற பின் பணம் என்ற முறையில் தங்கள் கடையில் வைக்க விரும்புகிறேன். கூடவே ஒரு மாதிரிப் பிரதியும் தருகிறேன். அது கணக்கில் சேராது.

1. அச்சிட்ட விலை ₹200. விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் எனக்கு ₹130 தந்தால் போதும். புத்தகக் கண்காட்சியில் விற்றால் ₹120.

2. ஒப்பந்தக் காலத்தில் நானும் ₹180க்குக் குறைவாக விற்க மாட்டேன்.

3. செப்டம்பர் 30, டிசம்பர் 15 ஆகிய நாட்களில் நானே வந்து இருப்பை எண்ணுகிறேன். கொடுத்ததில் இருப்பு போக மீதி விற்றதாகக் கொள்ளலாம். பணம் முறையே அக்டோபர் 10, டிசம்பர் 25 தேதிகளுக்குள். முதல் கணக்கில் மூன்று பிரதிக்குக் குறைவாக விற்றிருந்தால் அடுத்ததில் சேர்த்துத் தரலாம்.

4. விற்காத பிரதிகளை டிசம்பர் 15 அன்று நானே எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 15 வரை நான் வராவிட்டால் தாங்கள் விருப்பப்படி கழித்துவிடலாம்.

5. உறைக்குள் உள்ள பிரதி சேதமடைந்தால் விற்றதாகக் கணக்கு. தீ, வெள்ளம் போன்றவற்றால் சேதமானால் பிரதிக்கு ₹40 மட்டும்.

6. வாசகருக்கு விற்கும் வரை பிரதிகள் எனக்கு உரியவை. முந்தைய கணக்கு முடிந்த பிறகே புதிய பிரதிகள்.

இது முழுத்தாளில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இரண்டு நகல் எடுத்து, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வரியில் உரிமையைப் பற்றி எழுதியிருப்பது, கடை கைமாறினாலோ மூடப்பட்டாலோ உங்கள் பிரதிகள் கடையின் சரக்கோடு சரக்காகப் போய்விடாமல் இருக்க. அதே வரியின் இரண்டாம் பாதிதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. ஆறு மாதத்துக்குப் பதில் ஆறு வாரத்தில் பத்தும் விற்றுப் போய், ‘டீச்சர், இன்னும் இருபது அனுப்புங்க’ என்று போன் வந்தால், சந்தோஷத்தில் உடனே கட்டிவிடாதீர்கள். ‘அனுப்புறேன் அண்ணாச்சி, முந்தினது ₹1,300 போட்டுவிட்டா நாளைக்கே பார்சல்ல ஏத்திடுறேன்’ என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வராது. கணக்குத் தீர்க்காமல் மேலும் பிரதி கேட்கும் கடையில் நிலுவை ஏறிக்கொண்டே போகும். ஏறிய நிலுவையைக் கேட்பது சின்ன நிலுவையைக் கேட்பதைவிடக் கடினம்.

இந்தத் தாளோடு கடைக்குப் போகும் முன் புத்தகத்தையும் ஒரு தடவை கடைக்காரர் கண்ணால் பாருங்கள். முதுகில் தலைப்பு அச்சாகியிருக்கிறதா? அலமாரியில் புத்தகம் முதுகைக் காட்டித்தான் நிற்கும். முதுகு வெறுமையாக இருந்தால் பத்தும் திரும்பி வரும். பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். எண்ணும் பார்கோடும் இருக்கின்றனவா? கம்ப்யூட்டரில் பில் போடும் கடைகள் அதைக் கேட்கும். அந்த எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது, தனியாகப் புத்தகம் போடும் எழுத்தாளர்களும் விண்ணப்பிக்கலாம். நோட்டு, கைடு விற்கும் கடையாக இருந்தால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் போகாதீர்கள். மற்ற கடைகளுக்கும் கூட்டமில்லாத வார நாள் காலை நல்லது.

கடைக்காரர் தாளைப் படித்துவிட்டு, ‘இந்தக் கணக்கெல்லாம் நமக்கு வேண்டாம் டீச்சர். அஞ்சு பிரதி ரொக்கத்துக்கு எடுத்துக்கறேன், 45 சதவீதம் குடுங்க’ என்று சொல்லவும் கூடும். அவசரப்பட்டு மறுக்க வேண்டாம். பிரதிக்கு ₹110, ஐந்துக்கு ₹550 உடனே கைக்கு வரும். அச்சுச் செலவு ₹400, பார்சலில் பாதி ₹75 போனால் மிச்சம் ₹75. திரும்பும் பிரதி இல்லை, சேதமில்லை, தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியூர்க் கடை, நீங்கள் போய் எண்ண முடியாத கடை என்றால் இதுவே மேல். நேரில் போய் வரக்கூடிய ஊரில் மட்டும் விற்ற பின் பணம் என்ற முறை சரியாக நடக்கும்.

புத்தகம் அல்லாத பொருள்களை வைக்க நினைக்கும் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் டீச்சரின் கணக்கு எளிதாக முடிந்தது. சோப்பு, பொடி, கைவினைப் பொருள் என்றால், நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருக்கும் பட்சத்தில், சலானில் அனுப்பிய சரக்குக்கு அது விற்றதும் வரி பில் போட வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் பில் இல்லாமல் கடையில் இருக்கக் கூடாது. அதனால் திரும்பும் தேதியை ஆறு மாதத்துக்கு முன்பே வையுங்கள். உண்ணும் பொருளுக்கு அதைவிடவும் முன்னால், காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே திரும்ப எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் உங்கள் தெருவிலாவது விற்றுவிட முடியும்.

டீச்சருக்குக் கடைசியாக ஒன்று. டிசம்பர் 15 அன்று போகும்போது பத்தும் அப்படியே இருக்கலாம். ‘இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டுமே’ என்று கேட்க மனசு வரும், கடைக்காரரும் முகத்துக்காகச் சரி என்பார். கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்தபடி அன்றே பத்தையும் எடுத்துக்கொண்டு, இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் வந்து தன் சரக்கை எடுத்துப் போகிற எழுத்தாளரைக் கடைக்காரர்கள் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த புத்தகத்தோடு நீங்கள் போகும்போது அவர் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அப்போதும் படிக்கச் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்